அக்கம்பக்கம் பார்க்காத கணக்கு

டிரான்ஸ்ஃபார்மர் மாதிரிகள் பேட்ச் நார்மலைசேஷனைத் தவிர்த்து லேயர் நார்மலைசேஷனைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

'மழை' என்ற சொல் ஒரு மொழி மாதிரிக்குள் எழுத்தாக நுழைவதில்லை, எண்களின் வரிசையாக நுழைகிறது. கூகுளில் உருவாகி 2017இல் வெளிவந்த முதல் டிரான்ஸ்ஃபார்மரின் அடிப்படை வடிவத்தில் ஒவ்வொரு சொல்துண்டுக்கும் 512 எண்கள் இருந்தன. அந்த எண்கள் அடுக்கடுக்காகப் பல கணக்குகளைக் கடந்து போகின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் அவை வேறு எண்களால் பெருக்கப்பட்டு, கூட்டப்பட்டு, உருமாறி அடுத்த அடுக்குக்குப் போகின்றன. மாதிரி கற்றுக்கொள்வது என்றால் இந்தப் பெருக்கும் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்துவதுதான்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஓர் அடுக்கு தன்னிடம் வரும் எண்ணைச் சராசரியாக 1.2 மடங்கு ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் 50 அடுக்குகளைக் கடந்தால் 1 என்பது 9,100 ஆகிவிடும். அதுவே 0.8 மடங்கு என்றால், 50 அடுக்குகளுக்குப் பிறகு மிஞ்சுவது 0.000014. பயிற்சியின்போது பிழையைத் திருத்தும் தகவல் கடைசி அடுக்கிலிருந்து முதல் அடுக்கை நோக்கித் திரும்பி வருகிறது. அந்தத் தகவலும் இதேபோல வீங்கும் அல்லது தேய்ந்துபோகும். வீங்கினால் பயிற்சி நிலைகுலையும், தேய்ந்தால் முதல் அடுக்குகள் எதையும் கற்றுக்கொள்ளாது.

அதனால் வழியில் ஆங்காங்கே எண்களை ஓர் அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இதற்குப் பெயர் நார்மலைசேஷன். கணக்கு எளியது. சில எண்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றின் சராசரியை ஒவ்வொன்றிலிருந்தும் கழிக்க வேண்டும். பிறகு, எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்லும் திட்டவிலக்கத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்களின் சராசரி 0, திட்டவிலக்கம் 1.

பேட்ச் நார்மலைசேஷன், லேயர் நார்மலைசேஷன் இரண்டுக்கும் இந்தக் கணக்குப் பொதுவானது. எந்த எண்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

நிரலும் நிரையும்

பயிற்சியில் வாக்கியங்களையோ படங்களையோ ஒவ்வொன்றாகக் கொடுப்பதில்லை. சிலவற்றைச் சேர்த்து ஒரு தொகுதியாகக் கொடுப்பார்கள். அதுதான் பேட்ச். இதை ஓர் அட்டவணையாக நினைத்துக்கொள்ளலாம். பள்ளியில் அணிகள் படித்தவர்களுக்கு நிரையும் நிரலும் நினைவிருக்கும். நம் அட்டவணையில் ஒவ்வொரு நிரையும் ஒரு சொல். ஒவ்வொரு நிரலும் அந்தச் சொற்களின் ஒரு பண்பைக் குறிக்கும் எண்கள். 512 பண்புகள் இருந்தால் 512 நிரல்கள்.

பேட்ச் நார்மலைசேஷன் நிரல் வழியாக, மேலிருந்து கீழே கணக்கிடுகிறது. முதல் நிரலுக்கு ஒரு சராசரி, இரண்டாம் நிரலுக்கு இன்னொரு சராசரி என்று போகும். லேயர் நார்மலைசேஷன் நிரை வழியாக, இடமிருந்து வலமாகக் கணக்கிடுகிறது. 'மழை'க்கு உரிய 512 எண்களுக்கு ஒரு சராசரி, அடுத்த சொல்லுக்கு அதற்கே உரிய சராசரி.

நிரல் வழிதான் முதலில் வந்தது. கூகுளில் பணியாற்றிய செர்கே ஐயோஃபே, கிறிஸ்டியன் செகெடி இருவரும் 2015இல் அதை வெளியிட்டார்கள். அப்போது படங்களை இனம் காணும் வலைப்பின்னல்களே களத்தின் மையம். அவர்களின் முறையைச் சேர்த்ததும், முன்பிருந்த அதே துல்லியத்தை 14 மடங்கு குறைந்த பயிற்சிப் படிகளில் அடைய முடிந்தது. வாரக்கணக்கில் ஓடிய பயிற்சிகள் நாட்களில் முடியும் என்றால் அதை யார்தான் விடுவார்கள்? விரைவிலேயே படங்களைக் கையாளும் வலைப்பின்னல்கள் பெரும்பாலானவற்றில் அது இடம்பிடித்தது.

படங்களில் அது பலித்ததற்கு ஒரு காரணம் எண்ணிக்கை. ஒரு தொகுதியில் 32 படங்கள், ஒரு பண்பு ஒவ்வொரு படத்திலும் 56க்கு 56 இடங்களில் அளக்கப்படுகிறது என்றால், ஒரு நிரலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் சேர்கின்றன. அவ்வளவு எண்களின் சராசரி ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் இடையே பெரிதாக மாறுவதில்லை. தொகுதியைச் சிறிதாக்கினால் இந்த உறுதி போய்விடும். ஃபேஸ்புக்கின் ஆய்வாளர்கள் யூசின் வூ, கைமிங் ஹே 2018இல் இதை அளந்து காட்டினார்கள். ரெஸ்நெட்-50 என்ற வலைப்பின்னலில், ஒரு கணிப்பொறிச் சில்லுக்கு 32 படங்கள் கொடுத்தபோது பிழை 23.6 சதவீதம். அதுவே 2 படங்கள் ஆனபோது பிழை 34.7 சதவீதமாக ஏறியது. மாதிரி அதேதான், படங்களும் அவையேதான். பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான் குறைந்தது.

நிரை வழியை ஜிம்மி பா, ஜேமி ரயன் கைரோஸ், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் 2016இல் முன்வைத்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் அப்போது பிறக்கவில்லை. வாக்கியத்தைச் சொல் சொல்லாக வாசிக்கும் பழைய சுழல் வலைப்பின்னல்களுக்காகவே அதை வகுத்தார்கள். அவற்றில் நிரல் வழியைப் பின்பற்றினால் முதல் சொல்லுக்கு ஒரு சராசரி, இரண்டாம் சொல்லுக்கு ஒரு சராசரி என்று தனித்தனியே சேமித்துவைக்க வேண்டிவரும். பயிற்சியில் பார்த்ததைவிட நீளமான வாக்கியம் ஒன்று வந்தால் அதன் கடைசிச் சொற்களுக்குச் சராசரியே இருக்காது. நிரை வழியில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

ஒரு சொல்லின் கணக்கு

512க்குப் பதிலாக நான்கே எண்களை வைத்து இரண்டையும் போட்டுப் பார்ப்போம். 'மழை'யின் நிரை 2, 4, 6, 8 என்று இருக்கட்டும்.

முதலில் நிரை வழி. சராசரி 5. சராசரியிலிருந்து விலகல்கள் -3, -1, 1, 3. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி நான்கால் வகுத்தால் 5. அதன் வர்க்கமூலம் 2.24, அதுவே திட்டவிலக்கம். வகுத்தால் நமக்குக் கிடைப்பவை -1.34, -0.45, 0.45, 1.34. இதைச் செய்ய 'மழை'யைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஆயிரம் வாக்கியங்கள் இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் விடை இதுதான்.

இப்போது நிரல் வழி. முதல் நிரலை மட்டும் பார்ப்போம். 'மழை'க்கு 2. தொகுதியில் கூட வந்த இரண்டு சொற்களுக்கு 4, 6 என்று இருக்கட்டும். சராசரி 4, திட்டவிலக்கம் 1.63. எனவே 'மழை'யின் 2 என்பது -1.22 ஆகிறது. அடுத்த முறை அதே 'மழை' வேறு இரண்டு சொற்களோடு வருகிறது. அவற்றின் முதல் எண்கள் 0, 1. சராசரி 1, திட்டவிலக்கம் 0.82. இப்போது அதே 2 என்பது +1.22 ஆகிவிட்டது.

'மழை' மாறவில்லை, அது வந்த வாக்கியமும் மாறவில்லை. தொகுதியில் தற்செயலாகக் கூடச் சேர்ந்த, தொடர்பே இல்லாத சொற்களால் அதன் குறி எதிராகத் திரும்பிவிட்டது. நிரலில் மூன்று எண்களுக்குப் பதில் பல ஆயிரம் எண்கள் இருந்தால் இவ்வளவு ஆட்டம் இருக்காது என்பது உண்மை. ஆனால் மொழியில் அந்த ஆட்டம் எதிர்பார்த்த அளவுக்கு அடங்கவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் 2020இல் டிரான்ஸ்ஃபார்மருக்குள் பேட்ச் நார்மலைசேஷனை வைத்துப் பயிற்றுவித்துப் பார்த்தார்கள். படங்களோடு ஒப்பிட்டால், மொழியில் தொகுதிக்குத் தொகுதி சராசரியும் சிதறலும் மிக அதிகமாக ஏறி இறங்கின. மொழிபெயர்ப்பின் தரமும் தெளிவாகக் குறைந்தது. இதில் வியக்க ஒன்றுமில்லை. சில சொற்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் வருகின்றன, பல சொற்கள் லட்சத்தில் ஒரு முறைதான் வருகின்றன. ஒரு தொகுதியில் சமையல் குறிப்பும் அடுத்ததில் நீதிமன்றத் தீர்ப்பும் வரலாம்.

நீளம் ஒன்றாக இல்லை

தொகுதியில் இருக்கும் படங்களை எல்லாம் ஒரே அளவுக்கு வெட்டிவிடலாம். வாக்கியங்களை அப்படி வெட்ட முடியாது. மூன்று சொல் வாக்கியமும் ஆறு சொல் வாக்கியமும் ஒரே தொகுதியில் வந்தால், சிறிய வாக்கியத்தின் முடிவில் மூன்று வெற்று இடங்களைச் சேர்த்து நீளத்தைச் சமன் செய்வார்கள். இதைப் பேடிங் என்கிறார்கள்.

இந்த வெற்றிடங்கள் நிரல் கணக்கில் புகுந்தால் என்ன ஆகும்? ஒரு நிரலில் உண்மையான எண்கள் 6, 8, 10 என்றால் சராசரி 8. அங்கே 6 என்பது -1.22 ஆகும். மூன்று பூச்சியங்கள் சேர்ந்தால் சராசரி 4 ஆக இறங்கும், திட்டவிலக்கம் 4.16 ஆக ஏறும். இப்போது அதே 6 என்பது +0.48. யாரும் பேசாத சொற்கள் பேசிய சொல்லின் பொருளைத் திருத்துகின்றன. வெற்றிடங்களைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அப்போது ஒரு தொகுதியில் எத்தனை உண்மையான சொற்கள் எஞ்சும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். நிரை கணக்கில் வெற்றிடத்தின் நிரை தனி, சொல்லின் நிரை தனி. ஒன்று இன்னொன்றைத் தொடுவதில்லை.

எதிர்காலம் கசியும் வழி

மொழி மாதிரிகளுக்கே உரிய இன்னொரு தடை இதைவிட ஆழமானது. 'அவள் நேற்று கடைக்குப் போனாள்' என்ற வாக்கியத்தைக் கொண்டு பயிற்சி தரும்போது, 'கடைக்குப்' என்ற இடத்தில் நின்று அடுத்த சொல்லை மாதிரி ஊகிக்க வேண்டும். 'போனாள்' அப்போது அதன் கண்ணில் படக்கூடாது. ஆனால் நேரத்தை மிச்சப்படுத்த முழு வாக்கியத்தையும் ஒரே நேரத்தில் கொடுத்து, பின்னால் வரும் சொற்களை மட்டும் ஒவ்வோர் இடத்திலும் மறைத்துவிடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் வேகத்துக்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

இங்கே எல்லாச் சொற்களையும் சேர்த்து நிரல் வழியாகச் சராசரி எடுத்தால், 'போனாள்' என்பதன் எண்களும் அந்தச் சராசரியில் கலந்துவிடும். அந்தச் சராசரி 'கடைக்குப்' என்பதன் எண்களிலும் கழிக்கப்படும். மறைத்துவைத்த விடையின் ஒரு சிறு தடயம் கேள்விக்குள் கசிகிறது. மாதிரி அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டால் பயிற்சியில் பிழை குறைந்துகொண்டே போகும். உண்மையில் எழுதச் சொல்லும்போது அடுத்த சொல் இன்னும் பிறந்திருக்காது, பற்றிக்கொள்ளத் தடயமும் இருக்காது. நிரை வழியில் ஒரு சொல்லின் கணக்கு அந்தச் சொல்லோடு முடிந்துவிடுவதால் இந்தக் கசிவுக்கு இடமே இல்லை. சொற்கள் ஒன்றையொன்று பார்ப்பது அட்டென்ஷன் என்ற பகுதியில் மட்டுமே நடக்கிறது. அங்கே யார் யாரைப் பார்க்கலாம் என்பதைக் கட்டுப்படுத்த முடியும்.

பயிற்சியில் ஒன்று, வேலையில் ஒன்று

பயனர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். அப்போது தொகுதி எங்கிருந்து வரும்? பேட்ச் நார்மலைசேஷன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பயிற்சியின்போதே ஒவ்வொரு தொகுதியின் சராசரியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு நீண்டகாலச் சராசரியை எழுதிவைத்துக்கொள்ளும். பைடார்ச் மென்பொருளில் வழக்கமாகப் பழைய மதிப்பில் 90 சதவீதமும் புதிய தொகுதியிலிருந்து 10 சதவீதமும் கலக்கப்படும். பயிற்சி முடிந்து வேலைக்கு வந்த பிறகு, தொகுதியைப் பார்க்காமல் எழுதிவைத்ததையே பயன்படுத்தும்.

ஆக, அதே மாதிரி பயிற்சியில் ஒரு கணக்கும் வேலையில் இன்னொரு கணக்கும் போடுகிறது. தொகுதிகள் ஒன்றுபோல இருக்கும்வரை இரண்டும் நெருங்கியிருக்கும். மொழியில் அவை ஏறி இறங்குவதால், எழுதிவைத்த சராசரி எந்தத் தொகுதிக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. இந்தக் கோளாறைக் கண்டுகொள்ள அடையாளங்கள் உண்டு. பயிற்சியில் பிழை நன்றாகக் குறைந்திருக்கும். சோதனையில் திடீரென ஏறும். மென்பொருளை மீண்டும் பயிற்சி நிலைக்கு மாற்றி அதே சோதனையை ஓட்டினால் விடை மேம்படும். அப்படி நடந்தால் குற்றவாளி எழுதிவைத்த சராசரிதான்.

வேறுபாட்டை நேரில் பார்க்க விரும்புவோர் இந்தச் சில வரிகளை ஓட்டலாம்:

```python
import torch
import torch.nn as nn

x = torch.tensor([[2., 4., 6., 8.]])
print(nn.LayerNorm(4)(x))
print(nn.BatchNorm1d(4)(x))
```

முதல் வரி நாம் மேலே கையால் போட்ட அதே நான்கு எண்களைத் தரும். இரண்டாவது வரி விடை தராது. பயிற்சி நிலையில் ஒரே ஒரு நிரை இருந்தால் நிரலில் ஒரே ஓர் எண்தான் இருக்கும், அதற்குச் சிதறல் என்று ஒன்று கிடையாது. அதனால் `Expected more than 1 value per channel when training` என்ற பிழைச்செய்தி வந்து நிற்கும்.

எங்கே வைப்பது?

லேயர் நார்மலைசேஷனைத் தேர்ந்தெடுத்ததோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அதை எந்த இடத்தில் வைப்பது என்பதும் பெரிய கேள்வியாக இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் ஒவ்வோர் அடுக்கிலும், உள்ளே வந்த எண்கள் கணக்கு வழியாக ஒரு பாதையிலும், எந்த மாற்றமும் இன்றி இன்னொரு நேர்ப்பாதையிலும் போய் முடிவில் கூட்டப்படுகின்றன. 2017இன் வடிவத்தில் நார்மலைசேஷன் இந்தக் கூட்டலுக்குப் பிறகு வந்தது. அதாவது நேர்ப்பாதையும் ஒவ்வோர் அடுக்கிலும் அளவு மாற்றப்பட்டது.

அந்த வடிவம் தொடக்கத்தில் எளிதில் நிலைகுலையக்கூடியது. அதனால் கற்கும் வேகத்தை முதல் 4,000 படிகளுக்கு மெல்ல மெல்ல ஏற்ற வேண்டியிருந்தது. 2019இல் வந்த ஜிபிடி-2 நார்மலைசேஷனை ஒவ்வொரு பகுதியின் வாசலுக்கு, கணக்குக்கு முன்னால் நகர்த்தியது. கடைசியில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தது. இப்போது நேர்ப்பாதை முதல் அடுக்கிலிருந்து கடைசிவரை தடையின்றி ஓடுகிறது. 2020இல் ருய்பின் சியோங்கும் உடன் ஆய்வாளர்களும் காரணத்தை விளக்கினார்கள்: பழைய வடிவத்தில் தொடக்கத்திலேயே கடைசி அடுக்குகளுக்கு அருகே திருத்தத் தகவல் மிகப் பெரிதாக இருக்கிறது, வாசலில் வைத்தால் அது கட்டுக்குள் இருக்கிறது, வேகத்தை மெல்ல ஏற்றும் ஏற்பாடு இல்லாமலே பயிற்றுவிக்க முடிகிறது.

அது கேட்கும் விலை

நிரை வழி எல்லா இடத்துக்கும் உகந்தது என்று சொல்லிவிட முடியாது. 2, 4, 6, 8 என்ற நிரையும் 20, 40, 60, 80 என்ற நிரையும் அதன் கையில் ஒரே விடையாகின்றன. ஒட்டுமொத்த அளவு பற்றிய செய்தி அழிந்துவிடுகிறது. படங்களைக் கையாளும் வழக்கமான வலைப்பின்னல்களில் பேட்ச் நார்மலைசேஷன் மேலானதாக இருந்ததை 2016ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களே பதிவு செய்திருக்கிறார்கள். பேட்ச் நார்மலைசேஷனுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. வேலைக்கு வந்த பிறகு அதன் எண்கள் மாறாதவை என்பதால் அவற்றை முந்தைய அடுக்கின் பெருக்கும் எண்களுக்குள்ளேயே கரைத்துவிடலாம், தனிச் செலவு இல்லை. லேயர் நார்மலைசேஷன் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

அந்தச் செலவைக் குறைக்க 2019இல் பியாவ் ஜாங், ரிகோ சென்ரிச் இருவரும் ஆர்எம்எஸ்நார்ம் என்ற எளிய வடிவத்தைத் தந்தார்கள். சராசரியைக் கழிக்கும் படியை அது விட்டுவிடுகிறது. 2, 4, 6, 8 என்ற நிரையில் வர்க்கங்களின் சராசரி 30, அதன் வர்க்கமூலம் 5.48; ஒவ்வோர் எண்ணையும் அதனால் வகுத்தால் போதும். மெட்டாவின் லாமா மாதிரிகள் இதையே பயன்படுத்துகின்றன. 2025இல் ஜியாச்சென் ஜூ, யான் லெகுன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். சராசரி, சிதறல் எதையுமே கணக்கிடாமல், ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக மைனஸ் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் இடையே மடக்கும் ஒரு வளைகோட்டை நார்மலைசேஷனின் இடத்தில் வைத்து, டிரான்ஸ்ஃபார்மர்களைப் பயிற்றுவித்துக் காட்டினார்கள்.

இந்த வரிசையைப் பார்த்தால் எது தேவை, எது தேவையில்லை என்பது தெளிகிறது. முதலில் சராசரி கழன்றது. பிறகு சிதறலையும் கழற்றிப் பார்த்தார்கள், மாதிரி நின்றது. ஆனால் இத்தனை மாற்றங்களிலும் ஒன்றை மட்டும் யாரும் கைவிடவில்லை: ஒரு சொல்லின் அளவைத் தீர்மானிக்கத் தொகுதியில் கூட வந்த மற்றச் சொற்களைக் கேட்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் லேயர் நார்மலைசேஷனிடமிருந்து உண்மையில் பெற்றுக்கொண்டது இந்த ஒரு விதியைத்தான்.